"ஏமாத்துறாங்க" என்று கமெண்ட் வந்தால்: புதிதாக ஆன்லைனில் விற்பவர்களுக்கு

பண்ருட்டி, காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரி வாங்கி வீட்டிலேயே பொட்டலம் போட்டு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். கடலூரில் அப்படி விற்கும் சிலருடைய பக்கங்களை நான் கவனித்துக்கொள்கிறேன். பொருளை நன்றாகப் பார்த்து வாங்குவார்கள், பொட்டலமும் ஒழுங்காகப் போடுவார்கள். ஆனால் பதிவுக்குக் கீழே கோபமாக ஒரு கமெண்ட் விழுந்துவிட்டால் கை நடுங்கிவிடும். ஒன்று, உடனே அழிப்பார்கள். இல்லையென்றால் அதைவிடக் கோபமாகப் பதில் போடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்யலாம் என்பதை ஒரே ஒரு கமெண்ட்டை வைத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன்.

பண்ருட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் இப்படிப் பதிவு போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "பண்ருட்டி முந்திரி, முழுப்பருப்பு, 240 ரகம், அரைக் கிலோ பாக்கெட்." பத்து நாள் கழித்து அதன் கீழே ஒருவர் எழுதுகிறார்:

"240னு போட்டுட்டு 320 அனுப்பி ஏமாத்துறாங்க. பாதி உடைஞ்சுதான் வந்துச்சு. காசு வாங்கிட்டா அப்புறம் போனே எடுக்க மாட்டாங்க. யாரும் வாங்காதீங்க."

படித்ததும் வயிறு எரியும், நியாயம்தான். அந்த எரிச்சலை அடக்கிக்கொள்ளுங்கள் என்று சும்மா சொன்னால் யாருக்கும் அடங்காது. கைக்கு ஒரு வேலை கொடுத்தால் அடங்கும். அந்த வேலையிலிருந்து தொடங்குவோம்.

முதலில் கமெண்ட்டை வாக்கியம் வாக்கியமாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் அந்த நான்கு வாக்கியங்களையும் தனித்தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி: இதை என்னால் சரிபார்க்க முடியுமா?

240 என்று போட்டு 320 அனுப்பினார்கள் என்பதைச் சரிபார்க்கலாம், எண்ணினால் தெரியும். பாதி உடைந்து வந்தது என்பதையும் போட்டோ இருந்தால் பார்க்கலாம். போன் எடுக்கவில்லை என்பது உங்கள் போனிலேயே இருக்கிறது. ஏமாத்துறாங்க, யாரும் வாங்காதீங்க என்ற இரண்டையும் சரிபார்க்க வழியில்லை. ஒன்று அவருடைய கோபம், இன்னொன்று ஊருக்கு அவர் சொல்லும் யோசனை.

பதில் எழுதும்போது சரிபார்க்க முடிந்தவற்றுக்கு மட்டும்தான் பதில். மற்றதைத் தொடவே வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் இருக்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். "நாங்க ஏமாத்துறவங்க இல்லை" என்று எழுதினால், கீழே வந்து படிக்கிற புது ஆள் கண்ணில் முதலில் படுவது ஏமாத்து என்ற சொல்தான். அதுவும் இந்த முறை உங்கள் கையாலேயே எழுதப்பட்டிருக்கும். அதோடு, நேர்மையை வெறும் வாக்கியத்தால் நிரூபிக்க முடியாது. எத்தனை பருப்பு என்பதை எண்ணிக் காட்டலாம்.

பதிலுக்கு முன்னால் ஒரு ரசீது வரி

சரிபார்க்க நேரம் ஆகும். அதுவரை கமெண்ட் அநாதையாகக் கிடந்தால் வேறு பத்துப் பேர் வந்து கருத்துச் சொல்வார்கள். அதனால் பார்த்த சிறிது நேரத்திலேயே ஒரு சின்ன வரி மட்டும் போட்டுவிடுங்கள்:

"வணக்கம். உங்க கமெண்ட்டைப் பார்த்தேன். உங்க ஆர்டரை எடுத்துப் பார்த்துட்டு இன்னைக்குச் சாயங்காலம் 6 மணிக்குள்ள இங்கேயே பதில் சொல்றேன்."

இதில் விளக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை, மறுப்பும் இல்லை. ஆனால் ஒரு நேரம் இருக்கிறது. நேரம் சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டும். ஆறு மணிக்குள் முழு விவரம் கிடைக்கவில்லை என்றால் ஆறு மணிக்கு வந்து, "இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன், நாளைக் காலை சொல்றேன்" என்றாவது எழுதுங்கள். மின்வணிக நிறுவனங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. வீட்டிலிருந்து விற்கிறவர்கள் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அன்றைக்கே ஒரு வரி போடுவதுதான் அழகு.

ராத்திரி பதினொரு மணிக்குக் கமெண்ட்டைப் பார்த்தால் இந்த ஒரு வரியைக்கூடக் காலையில் போடுங்கள். தூங்காமல் எழுதிய பதிலில் எங்காவது ஒரு குத்தல் ஒளிந்திருக்கும்.

அப்புறம் சரிபார்த்தல்

முந்திரியில் 240, 320 என்பதெல்லாம் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை முழுப்பருப்பு என்ற கணக்கு. ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 454 கிராம். 240 ரகம் என்றால் பவுண்டுக்கு 220 முதல் 240 பருப்பு வரை, 320 ரகம் என்றால் 300 முதல் 320 வரை. எண் கூடக்கூடப் பருப்பு சிறிசு. இதை நம் ஊர் எடைக்கு மாற்றினால் 100 கிராமில் 240 ரகம் 49லிருந்து 53 வரை இருக்கும். 320 ரகம் 66லிருந்து 71 வரை வரும். இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருப்பதால் எண்ணிவிட்டால் சந்தேகமே இருக்காது.

விற்கிறவர்களிலேயே பலர் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. வியாபாரி 240 என்று கொடுத்ததை அப்படியே 240 என்று போட்டுவிடுகிறார்கள். அதனால் வாடிக்கையாளரிடம் கேட்பதற்கு முன் உங்களிடமே எண்ணுங்கள். அவருக்குப் போன அதே லாட்டில் மிச்சம் இருக்கும் மூட்டையிலிருந்து மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்தில் கை விட்டு எடுத்து, 100 கிராம் எடைபோட்டு, தட்டில் பரப்பி எண்ணுங்கள். உடைந்ததையும் இரண்டாகப் பிளந்ததையும் முதலில் ஒதுக்கிவிட்டு, முழுப்பருப்பை மட்டும் 100 கிராம் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கணக்குத் தப்பும். எண்ணி முடித்ததும் தராசு எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் உதாரணத்தில் அக்கா எண்ணியபோது 51 வந்தது என்று வைத்துக்கொள்வோம். லாட் 240 ரகம்தான். ஆனால் இதிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அவரிடம் 320 ரகமும் இருக்கிறது, இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரிப் பையில். பொட்டலம் மாறிப் போயிருக்க வாய்ப்பு உண்டு. நம் மூட்டை சரி என்பது ஒரு விஷயம், அவர் வீட்டுக்குப் போன பாக்கெட் சரியா என்பது இன்னொரு விஷயம். பதிலில் இந்த இரண்டையும் குழப்பாமல் எழுதினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து உடைசல். முழுப்பருப்புப் பாக்கெட்டில் கொஞ்சம் உடைசலும் ஒரு படி சிறிய பருப்பும் கலந்திருப்பது இயல்பு. பொட்டலம் போடும்போது பொதுவாக 5 சதவீதம் வரை ஏற்றுக்கொள்கிறார்கள். அரைக் கிலோவில் அது 25 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி. அதற்கு மேல் உடைந்திருந்தால் பெரும்பாலும் வழியில் நடந்தது: மெல்லிய கவரில் போட்டிருப்பீர்கள், கூரியர்க்காரர் அதன்மேல் பாரத்தை வைத்திருப்பார். வாடிக்கையாளருக்கு அது யார் தப்பு என்பது முக்கியமில்லை, அவர் காசு கொடுத்தது உங்களிடம். "கூரியர்ல உடைஞ்சிருக்கும், நாங்க என்ன பண்றது" என்று எழுதினால் அந்த வரி ஒன்றுதான் பரவும்.

கடைசியாகப் போன். கால் பட்டியலைத் திறந்து அவர் எண்ணைத் தேடுங்கள். நம் அக்காவுக்கு இங்கேதான் உண்மை தெரிகிறது: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த எண்ணிலிருந்து இரண்டு தவறிய அழைப்புகள், திருப்பிக் கூப்பிடவே இல்லை. நான்கு வாக்கியத்தில் ஒன்று உண்மை. அந்த ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட்டால் மற்றதில் நீங்கள் சொல்வதை ஆட்கள் நம்புவார்கள்.

பதிலை எங்கே, எப்படி எழுதுவது

கமெண்ட் பெட்டியில் நேராக எழுதாதீர்கள். கணினியில் ஃபேஸ்புக் திறந்திருந்தால் அடுத்த வரிக்குப் போக என்டர் தட்டியதுமே பாதிப் பதில் போய்விடும். போனில் நோட்ஸ் போன்ற ஏதாவது செயலியில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வாயால் படிக்கும்போது குரல் எங்கே ஏறுகிறதோ அங்கே கத்தரிக்க வேண்டும் என்று அர்த்தம்.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"முதல்ல 240னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து பேசுங்க. நாங்க எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கோம், யாரும் இப்படிச் சொன்னதில்லை. உடைஞ்சது கூரியர் தப்பு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணா யார் எடுப்பாங்க? சும்மா பேரைக் கெடுக்காதீங்க."

ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனாலும் மொத்தமும் சண்டை. "தெரிஞ்சுக்கிட்டு வந்து பேசுங்க" அவரை முட்டாளாக்குகிறது. "யாரும் இப்படிச் சொன்னதில்லை" என்றால் அவர் மட்டும் பொய்யர் என்று ஆகிறது. கேள்விக்குறியில் முடிகிற வரிகள் எல்லாம் அவரை மறுபடி பேசக் கூப்பிடுகின்றன. கோபமான பதிலில் கேள்வி கேட்டால் பதிலும் கோபமாகத்தான் வரும். கேட்க வேண்டியதை "அனுப்புங்க" என்று வேண்டுகோளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அதே விஷயங்களை வைத்து இப்படி எழுதலாம்:

"வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நீங்க ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கீங்க, நான் திருப்பிக் கூப்பிடலை. அதுக்கு மன்னிச்சுக்கோங்க.

ரகத்தைப் பத்திச் சொன்னதைப் பார்த்தேன். உங்களுக்கு அனுப்பின அதே மூட்டையில 100 கிராம் முழுப்பருப்பு எண்ணினேன், 51 இருக்கு. 240 ரகத்துல 49 முதல் 53 வரை இருக்கும், 320 ரகத்துல 66க்கு மேல இருக்கும். எண்ணின போட்டோவைக் கீழே போட்டிருக்கேன். ஆனா உங்களுக்கு வந்த பாக்கெட் மாறியிருக்க வாய்ப்பு இருக்கு. மிச்சம் இருக்கிற பருப்பை ஒரு போட்டோ எடுத்து மெசேஜ்ல அனுப்புங்க. ரகம் மாறியிருந்தாலோ உடைசல் ஒரு கைப்பிடிக்கு மேல இருந்தாலோ வேற பாக்கெட் அனுப்புறேன், கூரியர் செலவு என்னோடது."

கவனியுங்கள், ஒப்புக்கொள்ள வேண்டியது முதலில் வந்துவிட்டது. அதற்கு "ஆனா" போட்டு எதையும் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எடுக்கவில்லை என்றோ, வீட்டில் விசேஷம் என்றோ காரணம் சொல்லவில்லை. காரணம் உண்மையாகவே இருந்தாலும் மன்னிப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சாக்காகத் தெரியும். அடுத்து எண், அதை எப்படி எண்ணினேன் என்பதும் கூடவே. படிக்கிற யாரும் தன் வீட்டுப் பாக்கெட்டை எண்ணிப் பார்க்கலாம். அதற்குப் பிறகு, தன் பக்கம் தவறு இருக்கலாம் என்ற கதவு திறந்தே இருக்கிறது. கடைசியில் என்ன செய்வேன் என்பது, யார் செலவு என்பதோடு. ஏமாற்று என்ற பேச்சே இல்லை.

கூப்பிடும் விதம் பற்றி ஒன்று. கமெண்ட் போட்டவர் பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஊகித்து சார், மேடம் போடாதீர்கள். கணவர் கணக்கிலிருந்து மனைவி எழுதியிருக்கலாம். வெறும் வணக்கம் போதும். வழக்கமாக எல்லாரையும் அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிற பக்கமாக இருந்தாலும், கோபமாக இருப்பவரிடம் திடீரென்று உறவு கொண்டாடினால் சமாளிக்கிற மாதிரித் தெரியும். ப்ரோ என்ற சொல்லோ, கும்பிடுகிற, சிரிக்கிற பொம்மைகளோ கிட்டேயே வரக் கூடாது. சிரிக்கிற பொம்மை ஒன்று போதும், மொத்தப் பதிலும் கிண்டலாக மாறிவிடும்.

மெசேஜுக்கு மாறும்போது

முகவரி, ஆர்டர் விவரம், பணம் திருப்பித் தருவது எல்லாம் தனி மெசேஜில்தான் பேச வேண்டும். ஆனால் "மெசேஜ் பண்ணியிருக்கேன் பாருங்க" என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டால் இரண்டு சிக்கல். முதலாவது, இன்ஸ்டாகிராமில் அவர் உங்களைப் பின்தொடரவில்லை என்றால் உங்கள் மெசேஜ் கோரிக்கைப் பெட்டியில் போய் விழும். அவர் பார்க்காமலே, "மெசேஜும் வரலை, பொய்" என்று எழுதுவார். அதனால் அவரை உங்களுக்கு அனுப்பச் சொல்வதே நல்லது. இரண்டாவது, பார்க்கிற மற்றவர்களுக்கு உங்கள் நிலைப்பாடு தெரியாமலே போய்விடும். பொதுவான பதிலை அங்கேயே சொல்லிவிட்டு, விவரங்களை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள்.

அவர் பணம் அனுப்பிய யூபிஐ ஸ்கிரீன்ஷாட்டையோ கூரியர் சீட்டையோ ஆதாரமாகக் கமெண்ட்டில் போடவே கூடாது. அதில் அவருடைய முழுப் பெயர், யூபிஐ முகவரி, போன் எண், வீட்டு விலாசம் எல்லாம் இருக்கும். நீங்கள் சொல்வது நூறு சதவீதம் சரியாக இருந்தாலும் அந்த ஒரு படம் உங்களைத் தவறான பக்கத்தில் நிறுத்திவிடும். அடுத்து வாங்க நினைக்கிறவரும், நாளைக்கு என் விலாசத்தையும் இப்படித்தான் போடுவார்களோ என்று யோசிப்பார்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாற்றுப் பாக்கெட் கொடுப்பதற்கு, கமெண்ட்டை அழிக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். "கமெண்ட்டை எடுத்தா அனுப்புறேன்" என்ற மெசேஜ் ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வந்தால் அதற்குப் பதிலே கிடையாது. பொருள் தவறு என்றால் கமெண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றிக் கொடுக்க வேண்டியதுதான். தீர்ந்த பிறகு மனசு இருந்தால் அவரே எழுதுவார்.

போட்டோ வந்த பிறகு

அவர் போட்டோ அனுப்புகிறார். வீட்டில் தராசு இருந்தால் 100 கிராம் எண்ணச் சொல்லலாம், இல்லையென்றால் பிரிக்காத பாக்கெட் ஏதாவது இருந்தால் அதை எண்ணலாம். அரைக் கிலோ 240 ரகத்தில் ஏறக்குறைய 242 முதல் 265 வரை பருப்பு இருக்கும், 320 ரகத்தில் 330க்கு மேல். எதுவும் முடியாது என்றால் பருப்புக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். உங்களிடம் இருக்கும் இரண்டு ரகத்தையும் அதே மாதிரி நாணயத்தோடு வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

எண்ணிக்கை 68 என்று வந்தால் பாக்கெட் மாறிப் போயிருக்கிறது. அப்போது திரும்ப அதே கமெண்ட்டுக்குக் கீழே வந்து சொல்லுங்கள்: "போட்டோ பார்த்தேன். உங்களுக்கு 320 ரகப் பாக்கெட்தான் வந்திருக்கு, நீங்க சொன்னது சரி. இன்னைக்கு 240 அனுப்பிட்டேன்." உள்ளே சமாதானம் பேசிவிட்டு வெளியே மௌனமாக இருந்தால், முதலில் போட்ட 51 என்ற போட்டோ மட்டும் அங்கே நின்று அவரைப் பொய்யராக்கிக்கொண்டிருக்கும். அது அவருக்குச் செய்கிற அநியாயம்.

எண்ணிக்கை 50 என்று வந்தால் அவர் சொன்னது தவறு. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் "பார்த்தீங்களா" என்று ஆரம்பிப்பார்கள். அவர் ஏன் அப்படி நினைத்தார் என்று யோசித்துப் பாருங்கள். முன்பு எங்கோ 210 ரகம் வாங்கியிருப்பார், அல்லது யாராவது பரிசாகக் கொடுத்த 180 ரகப் பெரும் பருப்பைப் பார்த்திருப்பார். அதோடு ஒப்பிட்டால் 240 சிறிசாகத்தான் தெரியும். அதைச் சொன்னால் போதும்: "எண்ணிப் பார்த்து அனுப்பினதுக்கு நன்றி. 50 வந்திருக்கு, 240 ரகம்தான். இதைவிடப் பெரிய பருப்பு வேணும்னா 210, 180 ரகம் இருக்கு, விலை கூட. உடைசல் இருந்ததுக்கு மாத்திக் கொடுத்துட்டேன்." எண்ணைச் சொல்லியாயிற்று, அவர் தலைகுனியாமல் வெளியே போகவும் வழி விட்டாயிற்று.

போட்டோவே வரவில்லை என்றால்? இரண்டு நாள் கழித்து, "உங்க போட்டோவுக்காகக் காத்திருக்கேன், எப்ப அனுப்பினாலும் பார்க்கிறேன்" என்று ஒரு வரி. அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் திரும்பத் திரும்ப அதே குற்றச்சாட்டை எழுதினாலும், புதிதாகச் சரிபார்க்க எதுவும் இல்லாதவரை பதில் கிடையாது. ஒரே கமெண்ட்டுக்குக் கீழே உங்கள் முழுமையான விளக்கம் ஒரு முறைதான் வர வேண்டும் என்பது என் கணக்கு. மூன்றாவது நான்காவது விளக்கத்தைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை, சண்டை பெரிதாகியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

அவர் பெயரில் ஆர்டரே இல்லை என்றால் போட்டிக் கடைக்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். அண்ணன் எண்ணிலிருந்து ஆர்டர் போட்டு, தங்கை கணக்கிலிருந்து கமெண்ட் எழுதுவது நம் ஊரில் சாதாரணம். "இந்தப் பெயரில் ஆர்டர் கிடைக்கலை, வேற பெயர்ல வாங்கியிருந்தா ஆர்டர் எண்ணை மெசேஜ்ல அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்" என்றால் போதும். உண்மையான வாடிக்கையாளர் என்றால் அனுப்புவார். இல்லையென்றால் பதில் வராமலே போவதைப் படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

உங்கள் ஆட்களை நிறுத்துங்கள்

இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, ஆனால் நம் பக்கத்தில் காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கமெண்ட் வந்த அரை மணி நேரத்தில் மச்சான், சித்தப்பா மகன், கூடப் படித்த தோழி எல்லாரும் வந்துவிடுவார்கள். "எங்க அக்கா கடையைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பார்க்கிறவருக்கு அது கடைக்காரர் ஆள் வைத்து அடிக்கிற மாதிரி. அந்த வாடிக்கையாளர் சொன்னது அநியாயமாகவே இருந்தாலும், பத்துப் பேர் சூழ்ந்ததும் அனுதாபம் அவர் பக்கம் போய்விடும்.

அதனால் ரசீது வரி போட்ட கையோடு குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி: "ஒரு கமெண்ட் வந்திருக்கு, நான் பார்த்துக்கிறேன், தயவுசெஞ்சு யாரும் பதில் போட வேண்டாம், லைக்கும் வேண்டாம்." ஏற்கெனவே யாராவது திட்டி எழுதியிருந்தால் அவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால் உங்கள் பக்கத்திலிருந்து நீங்களே அழித்துவிட்டு, "எங்க வீட்டுக்காரங்க ஒருத்தர் மரியாதையில்லாம எழுதியிருந்தார், அதை எடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று எழுதுங்கள்.

உறவுக்காரர்களை வைத்து "நான் வாங்கினேன், சூப்பர்" என்று எழுதச் சொல்வதும் வேண்டாம். விற்பவர் வாடிக்கையாளர் வேடத்தில் மதிப்புரை எழுதக் கூடாது என்று நான் மேலே சொன்ன 2020 விதிகளிலேயே இருக்கிறது. விதியை விடுங்கள், ஒரே ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்து புகழ்ந்தால் குழந்தைக்கும் தெரியும்.

அழிப்பதும் மறைப்பதும்

கடுமையாக எழுதினார் என்பதற்காகப் பொருளைப் பற்றிய புகாரை அழிக்காதீர்கள். ஃபேஸ்புக்கில் மறைத்தால் அது எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் தெரிந்துகொண்டேதான் இருக்கும், மற்றவர்களுக்கு மட்டும்தான் தெரியாது. வேறொரு போனில் பார்த்து அவர் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த பதிவை அவர் தன் பக்கத்திலேயே போடுவார். அங்கே உங்களுக்குப் பதில் சொல்ல இடமும் இருக்காது, மறைத்தார்கள் என்ற புதுக் குற்றச்சாட்டும் சேர்ந்திருக்கும்.

அழிக்க வேண்டியவையும் உண்டு. சாதியைச் சொல்லித் திட்டுவது, பெண்களை அசிங்கமாகப் பேசுவது, மிரட்டுவது, உங்கள் வீட்டு விலாசத்தையோ போன் எண்ணையோ போடுவது: இவற்றுக்குப் பொறுமை காட்டக் கூடாது. முதலில் எழுதியவர் பெயர், தேதி, அவருடைய கணக்கின் முகவரி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் அழியுங்கள். அழித்துவிட்டு ஆதாரம் தேடினால் கிடைக்காது. மிரட்டல் என்றால் cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம், கடலூர் என்றாலும் புதுச்சேரி என்றாலும் அதே தளம்தான். ஒரே கமெண்ட்டில் நியாயமான புகாரும் அசிங்கமான வார்த்தையும் கலந்திருந்தால், அழித்துவிட்டு, "கெட்ட வார்த்தை இருந்ததால எடுத்துட்டேன். உடைசல் பத்திச் சொன்னீங்க, அதுக்குப் போட்டோ அனுப்புங்க, பார்க்கிறேன்" என்று புகாருக்கு மட்டும் பதில் வையுங்கள்.

இன்ஸ்டாகிராமில் ஒருவர் எல்லாப் பதிவிலும் வந்து ஒரே விஷயத்தை எழுதிக்கொண்டிருந்தால் பிளாக் செய்வதற்கு முன் Restrict என்ற வசதியைப் பயன்படுத்திப் பாருங்கள். அவர் புதிதாக எழுதுவது அவருக்கு மட்டும் தெரியும், நீங்கள் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. ஆனால் இதைத் தொல்லை கொடுப்பவருக்குத்தான் செய்ய வேண்டும். முதல் முறை புகார் சொன்னவருக்குச் செய்தால் அது மறைப்பதேதான்.

பதிவைத் திருத்துங்கள்

பிரச்சினை தீர்ந்ததும் அந்தப் பழைய பதிவுக்குத் திரும்பிப் போங்கள். "240 ரகம்" என்று மட்டும் போட்டிருந்த இடத்தில் இப்படி மாற்றுங்கள்: "240 ரகம் (100 கிராமில் 49 முதல் 53 முழுப்பருப்பு). அரைக் கிலோவில் ஒரு சின்னக் கைப்பிடி வரை உடைசல் இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் பிரித்த அன்றே போட்டோ அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம். போன் நேரம்: காலை 10 முதல் மாலை 6 வரை. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப் மட்டும்." அப்புறம் 240க்கும் 320க்கும் வேறு வேறு நிறத்தில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, இரண்டையும் தனித்தனி அலமாரியில் வையுங்கள்.